மூன்று மாதக் கெடு எதற்கு: கடவுச்சொல்லுக்கா, மீட்பு எண்ணுக்கா?

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று கைபேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ஒலிக்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். அதை எதில் செலவிடுவது என்பதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முக்கியமான கடவுச்சொற்களை எல்லாம் மாற்றிவிடு என்கிறது ஒன்று. கடவுச்சொல்லை விட்டுவிடு, கணக்கு கைநழுவினால் அதைத் திரும்பப் பெற்றுத் தரும் எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார் என்கிறது மற்றது. நான் இரண்டாம் கட்சிக்காரன். முதல் கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருடப்பட்ட கடவுச்சொல் மூன்று மாதத்துக்கு மேல் செல்லாமல் போனால் திருடனுக்கு நஷ்டம்தானே என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்ற விதி இருந்தது. அங்கே பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்குகளின் கடவுச்சொல் வரிசைகளை எடுத்து மூன்று ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய கடவுச்சொல் ஒன்று தெரிந்தால், அடுத்து வைத்தவற்றில் 41 சதவீதத்தைக் கணினியால் சில வினாடிகளிலேயே கண்டுபிடிக்க முடிந்தது. 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து ஊகங்களே போதுமாயிருந்தன. காரணம் எளிது. Kaveri#Jan என்று வைத்தவர் ஏப்ரலில் Kaveri#Apr என்று மாற்றுவார். விதியும் நிறைவேறிவிடும், நினைவிலும் நிற்கும், திருடனுக்கும் சிரமம் இருக்காது.

இதைப் பார்த்த பிறகு விதி எழுதியவர்களே மனம் மாறினார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் குறித்த இடைவெளியில் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று 2017-இல் எழுதியது. 2025-இல் வந்த புதிய பதிப்பில் அதைக் கட்டாயத் தடையாகவே ஆக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019-இலேயே விண்டோஸுக்கான தன் பரிந்துரைகளிலிருந்து கடவுச்சொல் காலாவதியை நீக்கிவிட்டது. இருந்தும் நம் அலுவலகங்கள் பலவற்றில் 90 நாள் விதி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தணிக்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும் வரை அசையாது என்று நினைக்கிறேன்.

அதற்காக எப்போதும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் வைத்திருந்தால், யாரிடமாவது சொல்லியிருந்தால், உங்களுடையதல்லாத கைபேசியிலிருந்து நுழைவு நடந்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஜூலை வரை காத்திருக்கக் கூடாது. haveibeenpwned.com தளத்தில் உங்கள் மின்னஞ்சலைத் தந்தால் அது எந்தெந்தக் கசிவுகளில் அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். அதில் தெரியும் தளத்தின் கடவுச்சொல்லையும், அதையே வேறு எங்கெல்லாம் வைத்தீர்களோ அவற்றையும் மாற்றினால் போதும்.

இப்போது மீட்பு எண்ணுக்கு வருவோம். கடவுச்சொல் தானாகக் கெடுவதில்லை, கைபேசி எண் தானாகக் கைமாறும். இந்தியாவில் ஒரு ப்ரீபெய்ட் எண் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கக் குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வாட்ஸ்அப் போன்ற சில செயலிகள், எண் வேறு கைபேசிக்குப் போனதைக் கண்டுகொண்டு பழைய கணக்கின் தரவுகளை அழித்துவிடுகின்றன. உங்கள் மின்னஞ்சலுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எண் யார் கையில் இருந்தாலும் ஓடிபியை அதற்கே அனுப்பும்.

ஓர் உதாரணம். வேலைக்காக மஸ்கட் கிளம்பும் ஒருவர் ஜனவரி 10-ஆம் தேதி தன் ஊர் சிம்மை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போகிறார். ஜிமெயிலின் மீட்பு எண் அதுதான். கெடு முடிந்ததும் துண்டித்துவிட்டார்கள் என்றால் அது ஏப்ரல் 10. மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூலை 9-க்குப் பிறகு அந்த எண் எந்தக் கடையிலும் யாருக்கும் விற்கப்படலாம். ஏப்ரல் முதல் ஞாயிறு நினைவூட்டல் ஒலிக்கும்போது சிம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ரீசார்ஜ் செய்து ஒரு கைபேசியில் போட்டால் தீர்ந்தது. அதைத் தவறவிட்டாலும் ஜூலை முதல் ஞாயிறு, எண் இன்னொருவர் கைக்குப் போகும் முன் வந்துவிடும். ஜனவரியில் ஒருமுறை, அடுத்த ஜனவரியில் ஒருமுறை என்று பார்ப்பவருக்கு இரண்டு வாய்ப்பும் போய்விடும். மூன்று மாதம் என்ற இடைவெளி கடவுச்சொல்லைவிடக் கைபேசி எண்ணுக்குத்தான் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது.

இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2021-இல் அமெரிக்காவின் இரண்டு தொலைபேசி நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளர்களுக்கு வழங்க வைத்திருந்த 259 எண்களைச் சோதித்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலமான தளங்களில் ஏற்கெனவே யாருடைய கணக்கோடோ இணைந்திருந்தன. எண்ணை வாங்குபவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உங்கள் ஓடிபி அவருக்குப் போகிறது, உங்களுக்கு வரவில்லை. கணக்குக்கு வெளியே நிற்க அதுவே போதும்.

செய்ய வேண்டியதை ஜிமெயிலை வைத்தே சொல்கிறேன். myaccount.google.com பக்கத்தில் Security பகுதிக்குப் போய் Recovery phone, Recovery email இரண்டையும் பாருங்கள். எண்ணின் கடைசி இலக்கங்கள் பழகியவையாகத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த சிம் இப்போது எந்தக் கைபேசியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மீட்பு மின்னஞ்சல் முன்னாள் கல்லூரியோ முன்னாள் அலுவலகமோ தந்ததென்றால் உடனே நீக்குங்கள். எண்ணை மாற்றினாலும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப கூகுள் முன்வரக்கூடும். அதனால் புது எண்ணைப் பதிந்த அன்றே பழைய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள்.

பிறகு, உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று காட்டும் Your devices பட்டியல். இதில் முதல் கட்சிக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும்: கடவுச்சொல்லை மாற்றினால் கூகுள் பெரும்பாலான சாதனங்களிலிருந்து உங்களை வெளியேற்றிவிடும். ஆனால் உள்ளே வந்து போனவர் ஜிமெயில் அமைப்புகளில் Forwarding and POP/IMAP பகுதியில் தன் முகவரியைச் செருகியிருந்தால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் உங்கள் கடிதங்கள் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். Filters பகுதியிலும் இதே வேலையைச் செய்யலாம். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வங்கியும் ஆதாரும் வேறு கதை. பழைய சிம் வேலை செய்யும்போது பல வங்கிகளில் எண்ணை ஏடிஎம்மிலோ நெட்பேங்கிங்கிலோ மாற்றிவிடலாம். சிம் செத்த பிறகு கிளைக்குப் போய்ப் படிவம் எழுத வேண்டியிருக்கும். ஆதாரில் எண்ணை மாற்றவும் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். மஸ்கட்டில் இருப்பவருக்கு அது ஒரு விமான டிக்கெட். எனவே நாடு மாறுபவர்கள் ஊர் எண்ணை விடுவதற்குப் பதில் குறைந்த கட்டணத் திட்டத்தில் உயிரோடு வைத்திருப்பதே மலிவு.

குறுஞ்செய்தியையே நம்பாமல், ஓடிபி உருவாக்கும் செயலிக்கும், கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகையாலோ முகத்தாலோ நுழையவிடும் பாஸ்கீக்கும் மாறிவிடலாமே என்பவர்கள் சொல்வது சரி. கைபேசி கையில் இல்லாதபோது நுழைவதற்காக கூகுள் தரும் பத்து Backup codes எண்களை அச்சிட்டுப் பத்திரப்படுத்துவதும் நல்லது. இவை இரண்டு கட்சிக்கும் பொது. ஆனால் கைபேசி தொலைந்த நாளில் பலருக்கும் கடைசிக் கதவாக மிஞ்சுவது மீட்பு எண்தான். அரை மணி நேரத்தில் இருபது நிமிடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, மீதி இருந்தால் வேறு எங்கும் பயன்படுத்தாத ஒரு நீண்ட கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கு ஒருமுறை வைத்துவிட்டு, கசிவு என்று தெரியும்வரை அதைத் தொடாமல் விடுங்கள்.