துவாய் காய்ந்தால்தான் கட்டில் காலி: கிளிநொச்சியில் ஒரு மசாஜ் அறை, மூன்று வருடங்களுக்குப் பிறகு

வீட்டின் முன் அறையைத் தலை மசாஜுக்கும் உடம்பு மசாஜுக்குமாக மாற்றி மூன்று வருடம் ஆகிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு கட்டில், திரைக்கு அந்தப் பக்கம் தலைக்கு ஒரு கதிரை, கை கழுவ ஒரு பேசின், இவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினேன். பிறகு சில குடும்பங்கள் கேட்டதால், வீட்டுப் பெண்களோடு வரும் வயதான ஆண்களையும் எடுக்கிறோம். வேலை செய்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் பரந்தன் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் அக்கா, அனுபவம் உள்ளவர். மற்றவர் பக்கத்துத் தெருத் தங்கச்சி, அக்காவிடமே பழகியவர்.

தொடங்கும்போது நான் கவலைப்பட்டதெல்லாம் எண்ணெயைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும்தான். கட்டிலில் ஒரு பிழை விட்டேன். வேப்பமரத்தில் தச்சரிடம் செய்வித்தேன், உயரம் 32 அங்குலம். பார்க்க ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி எடுப்பாக இருந்தது. இரண்டாம் கிழமையே அக்கா தோள் வலிக்கிறது என்றார். பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் மொழி படுக்கும் பரப்பைத் தொட வேண்டும், அதற்கு மேல் போனால் உடம்பின் பாரத்தைக் கொடுக்க முடியாது, எல்லாம் தோளிலும் பெருவிரலிலும் விழும் என்று விளக்கினார். கால்களில் ஐந்து அங்குலம் அறுத்தோம். அன்றோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

முடியாதது துவாய்ப் பிரச்சினை. இந்த அறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கட்டிலும் இல்லை, கையும் இல்லை, கொடியில் காயும் துவாய்தான் என்பது விளங்க எனக்கு ஒரு மாரி முழுக்க எடுத்தது.

முதலில் நேரக் கணக்கைச் சொல்கிறேன், துவாயின் கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. ஒரு மணி நேர மசாஜ் என்றால் ஒரு மணி நேரம் என்று நம்பி, ஒன்பது, பத்து, பதினொன்று என்று பெயர் எழுதினேன். முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தவர் விறாந்தையில் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். அடுத்த கிழமை சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் குறித்தேன். வந்து இருந்து, விசாரித்து, உடுப்பு மாற்றிப் படுக்க 8 நிமிடம். கை வைக்கும் நேரம் 60. எண்ணெய் துடைத்து, மெல்ல எழுந்து, உடுத்தி வெளியே வர 10. விரிப்பு மாற்றிக் கட்டிலைத் துடைக்க 8. வேலை செய்தவர் கை கழுவித் தண்ணீர் குடிக்க 4. கூட்டினால் சரியாக ஒன்றரை மணித்தியாலம். அரை மணி நேரத் தலை மசாஜுக்கும் இதே கதைதான், 50 நிமிடம் ஒதுக்கினால்தான் பதறாமல் முடிகிறது.

அந்த முதல் 8 நிமிடத்தைக் குறைக்கலாமே என்று வேறு ஊரில் இதே தொழில் செய்யும் ஒரு தோழி கேட்டாள். வன்னியில் அதைக் குறைக்கக் கூடாது. ஆண்களை எடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு ஐயா வந்தார். முதுகு வலி என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் அக்காவின் விரலில் பயறு அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. தசை முடிச்சென்றால் விரலின் கீழ் கொஞ்சம் இளகும், இது இளகவில்லை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அக்கா உடனே கையை எடுத்துவிட்டுக் கேட்டார். "ஓம் பிள்ளை, பீஸ் ஒண்டு கிடக்கு," என்றார், சண்டைக் காலத்து ஷெல் துண்டு உடம்புக்குள் கிடப்பதை ஏதோ பல் சொத்தை என்பது போல. அன்றிலிருந்து யார் வந்தாலும் உடம்பில் பீஸ், சன்னம், பழைய காயம், தகடு வைத்த இடம் உண்டா என்று கேட்டு, மனித உருவம் வரைந்த அட்டையில் பென்சிலால் வட்டம் போடுகிறோம். வட்டம் போட்ட இடத்திலும் அதைச் சுற்றியும் அழுத்துவதில்லை, சூட்டு ஒத்தடமும் கொடுப்பதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தொடுவதே இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறோம். இரத்தம் கட்டியிருந்தால் அதைப் பிசைவது ஆபத்து. இதெல்லாம் கேட்க 8 நிமிடம் அதிகமில்லை.

ஆள் ஒழுங்கு இப்படி நின்றது. முழு உடம்பு மசாஜ் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு செய்யக் கூடாது. தங்கச்சி ஒரு காலம் ஒரே நாளில் நான்கு செய்தாள், "எனக்கு ஒன்றுமில்லை அக்கா" என்று. இரண்டு மாதத்தில் காலையில் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். பெருவிரலின் அடிமூட்டு வலி இப்படித்தான் தன்னைக் காட்டுகிறது, வேலை செய்யும்போது தெரியாது. மூன்று கிழமை ஓய்வு கொடுத்தோம். திரும்பி வந்ததும் முதுகுக்கு முன்னங்கையால் அழுத்த அக்கா பழக்கினார்.

இப்போதைய சனிக்கிழமை இதுதான். 9.00க்குக் கட்டில் அக்காவுக்கு, 9.30க்குக் கதிரை தங்கச்சிக்கு. 10.30க்கு மாறுகிறார்கள்: கட்டில் தங்கச்சி, 10.45க்குத் தலை அக்கா. 12.00க்குக் கட்டில் மறுபடி அக்கா, 12.30க்குத் தலை தங்கச்சி. இருவரும் சாப்பிட 2.15 வரை இடைவெளி. அதன் பிறகு கட்டில் தங்கச்சி, தலை அக்கா. அக்கா மூன்றே காலுக்கெல்லாம் பஸ்ஸுக்குப் புறப்படலாம். நான்கு உடம்பு, நான்கு தலை. ஐந்தாவது ஆளைச் செருகலாம் என்று யாராவது சொன்னால் நான் பின்வளவுக் கொடியைக் காட்டுவேன்.

ஏனென்றால் ஓர் உடம்புக்கு விரிப்பு இரண்டு, பெரிய துவாய் இரண்டு, முகத்துக்குக் கீழே வைக்கும் சின்னத் துவாய் ஒன்று. தலைக்குத் தோளில் போட ஒரு பெரியது, முடிக்கு ஒரு சின்னது. நான்கும் நான்குமென்றால் ஒரு நாளைக்கு 28 துணி, அதில் பெரிய துவாய் மட்டும் 12. வெயில் காலத்தில் காலையில் போட்டது பின்னேரம் காய்ந்துவிடும். பாவனையில் ஒன்று, கழுவலில் ஒன்று, அலுமாரியில் ஒன்று என்று மூன்று மடங்கு இருந்தால் போதும். கார்த்திகை பிறந்துவிட்டால் தடித்த துவாய் இரண்டு நாளிலும் காயாது. அரை ஈரத்தில் மடித்தால் பூஞ்சணம் மணக்கும்.

முதல் மாரியில் வேறு வழியில்லாமல் உலர்த்தும் இயந்திரம் வைத்திருந்த ஒரு சலவைக் கடைக்குக் கொடுத்தேன். இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டித் தந்தார்கள். அப்படியே அலுமாரிக்குள் வைத்தேன். இரவு அறையைப் பூட்டப் போனபோது எள்ளு கருகினது மாதிரி ஒரு மணம். பையை அவிழ்த்துக் கையை நடுவில் விட்டேன், வெளியே ஆறியிருந்தது, உள்ளே கை வைக்க முடியாத சூடு. நடுத் துவாய் இரண்டு மஞ்சளித்திருந்தன. அள்ளி முற்றத்துச் சீமெந்தில் விரித்துப் போட்டேன். நல்லெண்ணெய் காற்றோடு சேரும்போது தானாகவே சூட்டை உண்டாக்கும் எண்ணெய். சரியாகப் போகாத எண்ணெய் துணியில் இருந்து, அதைச் சூட்டோடு குவித்து மூடினால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், தீயும் பிடிக்கலாம். தேங்காய் எண்ணெயில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தைமாதக் காலையில் அது போத்தலுக்குள் உறைந்து நிற்கும், சுடுதண்ணீரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது உடம்புக்குத் தேங்காய் எண்ணெய், கேட்பவர்களுக்கு மட்டும் நல்லெண்ணெய். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, எண்ணெய்த் துணி என்று நான் சொல்லவே இல்லை.

உண்மையான பிழை அதற்கு முன்பே, கழுவலில் இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து ஒரு பசையாகி எண்ணெயோடு நூலில் ஒட்டிக்கொள்ளும். துவாய் பார்க்க வெள்ளையாக இருக்கும், மணந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஸ்திரிக்கைப் பெட்டியை ஒருமுறை ஓடவிட்டு மணந்து பாருங்கள், பழைய பலகார எண்ணெய் மணம் வந்தால் துவாய் கழுவப்படவில்லை. இன்னொரு சோதனை, ஒரு துளி தண்ணீர் விடுவது. உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெய்ப் படை இருக்கிறது, அல்லது துணியை மிருதுவாக்கும் திரவம் போட்டிருக்கிறீர்கள். அந்தத் திரவத்தை நான் விட்டே விட்டேன்.

இப்போது பாவித்த துணி அன்றிரவு கூடையில் கிடப்பதில்லை. கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைக்கிறோம், அது தண்ணீரின் கடினத்தை எடுத்துவிடும். பிறகு கோப்பை கழுவும் திரவத்தில் இரண்டு மூடி, சலவைத்தூளை விட அதுதான் எண்ணெயை வெட்டுகிறது. ஒரு மணித்தியாலம் ஊறிய பிறகே வழக்கமான கழுவல். காய்ந்த பிறகும் நன்றாக ஆறவிட்டுத்தான் மடிப்பது. இடையில் கறை தெரியாமலிருக்க மண்ணிறத் துவாய் வாங்கிப் பார்த்தேன். கறை தெரியவில்லைதான், கழுவாததும் தெரியவில்லை. அவை இப்போது கட்டிலின் கீழே கால் துடைக்கக் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் விட உதவியது ஒரு பழைய சாரம். அக்காவின் யோசனை. மசாஜ் முடிந்ததும் நேரே துவாயால் துடைக்காமல், துண்டு துண்டாக வெட்டிய பழைய சாரத்தால் முதலில் எண்ணெயை ஒற்றி எடுக்கிறார், பிறகுதான் துவாய். எண்ணெயில் பெரும்பங்கு அந்தத் துண்டோடு போய்விடுகிறது. நனைந்த துண்டுகளைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வைத்து, அன்றே தனியாகக் கழுவுகிறோம். மேலே போர்த்தவும் மாரியில் துவாய்க்குப் பதிலாக மெல்லிய பருத்தி வேட்டித் துணிதான், விறாந்தைக் கொடியில் ஓர் இரவில் காய்ந்துவிடுகிறது. இதனால் நாளொன்றுக்குப் பெரிய துவாய் 12இலிருந்து 8 ஆனது.

அப்படியிருந்தும் மாரியில் கட்டிலுக்கு மூன்று பேர்தான். அது பரவாயில்லை, அந்த மாதங்களில் வயலில் காலபோகம் நிற்கும், ஆட்களும் குறைவு. அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், அப்போது வெயிலும் இருக்கும். இந்தக் கிழமை மூன்றாவது நாளாக மழை. சனிக்கிழமைப் பலகையில் 2.15க்கு எதிரே பெயர் எழுதவில்லை. தொலைபேசியில் கேட்டவரிடம் தலை மட்டும் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.