ஸ்ட்ரெச் ஜீன்ஸா, கெட்டி ஜீன்ஸா? பேன்ட் அடியில் வெட்டிய மூன்று துண்டுகள்

கிருஷ்ணகிரியில் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறேன். புது ஜீன்ஸ் முதல் முறை என்னிடம் வருவது நீளம் குறைக்க. அதே ஜீன்ஸ் இரண்டாம் முறை வரும்போதுதான் அதன் துணி எப்படிப்பட்டது என்று தெரியும்.

அப்படி இரண்டாம் முறை வந்த ஒரு பேன்ட்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொண்டுவந்த தம்பிக்கு ஓசூர் பக்கம் ஷிப்ட் வேலை. போக வர தினமும் பைக்கில் நூறு கிலோமீட்டர் போல ஆகிவிடும். "அண்ணா, வாங்கி அஞ்சு மாசம்தான் ஆச்சு. நான் நின்னாலும் முட்டி மட்டும் உட்கார்ந்த மாதிரியே இருக்குது பாருங்க. சைடு பிடிச்சுக் குடுங்க" என்றார். லேபிளில் காட்டன் 98, எலாஸ்டேன் 2 என்று இருந்தது. கையில் புதிதாக இன்னொரு ஜீன்ஸும் வைத்திருந்தார். அது நூறு சதவீதம் காட்டன், நான் கெட்டி ஜீன்ஸ் என்று சொல்வது அதைத்தான். அதற்கு நீளம் குறைக்க வேண்டும்.

எலாஸ்டேன் என்பது ரப்பர் போல இழுபடும் செயற்கை இழை. ஸ்பான்டெக்ஸ் என்றாலும் அதுதான், கடைக்காரர்கள் லைக்ரா என்பதும் அதைத்தான். நூற்கும்போதே இந்த இழையை மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே பஞ்சைச் சுற்றிவிடுகிறார்கள். விட்டதும் அது சுருங்கப் பார்க்கும், கூடவே பஞ்சையும் இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஜீன்ஸில் இந்த நூல், காலைச் சுற்றிக் குறுக்கே போகும் ஊடையில் மட்டும்தான் ஓடுகிறது. மேலிருந்து கீழாகப் போகும் நீல நிறப் பாவு நூல் வெறும் பருத்தி. அதனால் ஸ்ட்ரெச் ஜீன்ஸ் காலைச் சுற்றி இழுபடும், நீளவாக்கில் இழுபடாது. பைக்கில் உட்கார்ந்தால் ஸ்ட்ரெச் பேன்ட்டின் அடிப்பகுதியும் கணுக்காலுக்கு மேலே ஏறுவது இதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீளம் குறைக்கும்போது வெட்டிய துண்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பேன்ட் அடியில் வெட்டிய துண்டின் நீளவாக்கில்தான் ஊடை நூல் ஓடும், அதனால் இழுத்துப் பார்க்க அதுவே வசதி. தம்பியின் ஸ்ட்ரெச் பேன்ட்டில் முன்பு வெட்டியது, இப்போது இந்தக் காட்டன் பேன்ட்டில் வெட்டியது, வேறொருவருடைய பேன்ட்டில் வெட்டியது என்று மூன்று துண்டுகளை எடுத்தேன். மூன்றாவதில் காட்டனோடு கொஞ்சம் பாலியெஸ்டரும் 2 சதவீதம் எலாஸ்டேனும் இருந்தது. ஒவ்வொன்றையும் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு இரண்டு கோடு போட்டேன். மேல் முனையைக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டி, கீழே 2 கிலோ எடைக்கல்லை அரை மணி நேரம் தொங்கவிட்டேன். கல்லை எடுத்து ஒரு மணி நேரம் சும்மா விட்டு மறுபடி அளந்தேன்.

முழுக் காட்டன் கல்லோடு 10.3 வரை போனது, கல்லை எடுத்தபின் 10.1-ல் நின்றது. தம்பியின் துண்டு 12.8 வரை நீண்டது, திரும்பி வந்தது 10.7-க்குத்தான். மூன்றாவது 12.6 வரை போய் 10.3-க்கு வந்தது.

கடையில் நாம் பார்ப்பது இந்த 12.8-ஐத்தான். இடுப்பைப் பிடித்து இழுத்து, நல்லா இழுபடுது என்று வாங்குகிறோம். ஐந்து மாதம் கழித்து முட்டியில் நிற்பது அந்த 10.7. முட்டிச் சுற்றளவு 16 அங்குலம் என்றால், 7 சதவீதம் திரும்பாமல் போவது ஒரு அங்குலத்துக்கும் மேல். அந்த ஒரு அங்குலத் துணிக்குப் போக இடமில்லை, அதனால் முன்பக்கம் புடைத்து நிற்கிறது. 3 சதவீதத்துக்குள் இருந்தால் அரை அங்குலம் கூட வராது, கண்ணுக்கு உறுத்தாது. தம்பியின் பேன்ட்டிலும் 2 சதவீதம், மூன்றாவதிலும் 2 சதவீதம். ஆக, லேபிளில் உள்ள எண் தொய்வைச் சொல்லாது. 4 சதவீதம் என்றால் இரண்டு மடங்கு உழைக்கும் என்றும் இல்லை. எலாஸ்டேன் கூடுதலாக இருக்கும் துணிகள் நான் பார்த்தவரை மெல்லியதாகவும் இருக்கின்றன. மேலே சுற்றிய பஞ்சு குறைந்தால் தேய்மானம் சீக்கிரம் உள்ளே எட்டிவிடும். மூன்றாவது துண்டு நன்றாகத் திரும்பியதற்கு அதிலிருந்த பாலியெஸ்டரும் காரணமாக இருக்கலாம். சில துணிகளில் எலாஸ்டேனோடு சுருள் பாலியெஸ்டர் இழை ஒன்றையும் சேர்த்து நூற்கிறார்கள். அதிக எடையில் அதுவும் பிடித்துக்கொள்வதால் துணி நன்றாகத் திரும்பும். லேபிளில் எலாஸ்டோமல்டிஎஸ்டர் என்று இருந்தால் அந்த வகை.

தம்பியின் பேன்ட்டுக்கு உடனே ஊசி போடவில்லை. பச்சைத் தண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணாமல் கொண்டுவாருங்கள் என்றேன். ஏனென்றால் தொய்வில் இரண்டு வகை உண்டு. பஞ்சு நூல்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டதால் வந்த தொய்வு என்றால், ஈரம் பட்டதும் பிடி தளர்ந்து எலாஸ்டேன் துணியைத் திரும்ப இழுத்துவிடும். எலாஸ்டேனே போயிருந்தால் எத்தனை முறை துவைத்தாலும் திரும்பாது.

இரண்டு நாள் கழித்து வந்தது. முட்டி அப்படியேதான் இருந்தது. பேன்ட் அடியில் இரண்டு விரலால் அகலவாக்கில் இழுத்து விட்டால் டக்கென்று திரும்பியது. முட்டியில் அதே மாதிரி இழுத்து விட்டால் மெதுவாக, சோம்பலாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தொடையின் உள்பக்கம் வெள்ளையாக, முடி போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே அறுந்த எலாஸ்டேன் வெளியே தலை காட்டும் லட்சணம் அது.

"எப்படித் தம்பி அயர்ன் பண்ணுறீங்க?" என்று கேட்டேன். காட்டன் அளவில் வைத்து, முட்டியை நன்றாக அழுத்தித் தேய்ப்பாராம், தொய்வு போகட்டும் என்று. காரணம் அங்கேதான் இருந்தது. மில்லில் இந்தத் துணியின் அகலத்தை நிலைப்படுத்துவதே 180, 190 டிகிரி சூட்டில்தான். அயர்ன் பாக்ஸில் காட்டன் அளவு 200 டிகிரியை நெருங்கும். கரிப்பெட்டியின் சூட்டை அளக்கவே முடியாது. இழுபட்டு நிற்கும் முட்டியை அந்தச் சூட்டில் அழுத்தினால், அந்தத் தொய்வையே துணியின் புது அளவாக நிலைப்படுத்திவிடுகிறோம். அதற்கு மேல் பிளீச் கலந்த தண்ணீரும், மொட்டை மாடி வெயிலும் எலாஸ்டேனை மெல்ல மெல்லத் தின்னும். தர்மபுரி, கிருஷ்ணகிரி சித்திரை வெயிலில் ஸ்ட்ரெச் பேன்ட்டை நாள் முழுக்கக் காயப் போடாதீர்கள்.

சைடு பிடிக்கவும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. புடைப்பு முன்பக்கம், தையல் பக்கவாட்டில். பிடித்தால் கெண்டைக்கால் இறுகும், மிச்சமிருக்கும் எலாஸ்டேன் இன்னும் கூடுதலாக இழுபட்டு அதுவும் சீக்கிரம் போகும். நல்ல ஸ்ட்ரெச் துணியைப் பிடித்துக் கொடுப்பதென்றால் பால் பாயிண்ட் ஊசிதான் போடுவேன். கூர் ஊசி எலாஸ்டேனைக் குத்தி அறுத்துவிடும், தையல் ஓரத்தில் துணி இழுவை இழந்து அலை அலையாக நிற்கும்.

இப்போது கெட்டி ஜீன்ஸ். அதுவும் முட்டியில் தொங்கும், தொங்காது என்று சொல்ல மாட்டேன். நாலைந்து நாள் தொடர்ந்து போட்டால் இடுப்பு அரை அங்குலம், ஒரு அங்குலம் கூட விட்டுக்கொடுக்கும். ஆனால் துவைத்தால் பருத்தி நூல் நனைந்து பருத்து, துணியைப் பெருமளவு திரும்ப இறுக்கிவிடும். காட்டன் அளவு அயர்னும் அதை ஒன்றும் செய்யாது.

அளவு எடுப்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஸ்ட்ரெச் பேன்ட்டை உடம்பைவிடச் சின்னதாகவே வெட்டுகிறார்கள், துணி இழுபட்டு உடம்பைப் பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கில். கெட்டி ஜீன்ஸில் அசைவதற்கான இடத்தை வெட்டிலேயே விட வேண்டும். அதனால் ஸ்ட்ரெச்சில் ஸ்லிம் போடுகிறவர் அதே ஸ்லிம்மைக் கெட்டித் துணியில் எடுத்தால் உட்கார முடியாது. தம்பி வாங்கிவந்த காட்டன் பேன்ட்டும் ஸ்லிம் கட்தான். கடையிலேயே போட்டுக் குத்துக்கால் வைத்து உட்காரச் சொன்னேன், பாதியிலேயே நின்றுவிட்டார். பில் இருந்தது, மாற்றி ஸ்ட்ரெயிட் கட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இடுப்பில் மட்டும் பட்டன் போட மூச்சைக் கொஞ்சம் இழுக்க வேண்டிய அளவில் எடுக்கலாம், அது விட்டுக்கொடுக்கும். தொடையிலும் கவட்டையிலும் இறுக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே கெட்டித் துணி விட்டுக்கொடுக்காது, கிழியும். ஸ்ட்ரெச்சில் இடுப்பையும் கணக்குப் போட வேண்டும். முதல் நாளே லூசாக இருந்தால் ஒரு மாதத்தில் பெல்ட் இல்லாமல் நிற்காது.

கெட்டி ஜீன்ஸைத் துவைக்காமல் நீளம் குறைக்கக் கொண்டுவராதீர்கள். மில்லில் சுருக்கியே வரும் துணியும் இன்னும் 2, 3 சதவீதம் சுருங்கலாம். 40 அங்குல நீளத்தில் அது ஒரு அங்குலம். துவைக்காமல் வெட்டிவிட்டு அடுத்த வாரம் சாக்ஸ் தெரிகிறது என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

உழைப்பைப் பொறுத்தவரை என் மனசு கெட்டி ஜீன்ஸ் பக்கம்தான். ஆயுளை விடுங்கள், அது சாகும் விதமே வேறு. கெட்டித் துணி கவட்டையிலும் முட்டியிலும் வெளுத்து, நீல நூல் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளை ஊடை குறுக்குக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் பின்னால் பழைய டெனிம் துண்டு வைத்து, பாவு நூல் போகும் திசையிலேயே நெருக்கி ஓட்டித் தைத்தால் இன்னும் ஒரு வருடம் போகும். மறுபடி தேய்ந்தால் மறுபடி தைக்கலாம். ஸ்ட்ரெச் துணியில் எலாஸ்டேன் உள்ளே அறுவது வெளியே தெரியாது, தெரியும்போது வேலை முடிந்திருக்கும். துணி கிழிந்திருக்காது, நிறம் போயிருக்காது, ஆனால் போட முடியாது. அதற்குப் பின்னால் கெட்டித் துண்டு வைத்துத் தைத்தால், துண்டு இழுபடாது, சுற்றியுள்ள துணி இழுபடும், துண்டின் ஓரத்திலேயே புதுக் கிழிசல் வரும். ஸ்ட்ரெச்சுக்கு ஸ்ட்ரெச் துண்டுதான், அதையும் வளைந்து கொடுக்கும் ஜிக்ஜாக் தையலில்தான் வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாருக்கும் கெட்டி ஜீன்ஸ் என்று சொல்ல மாட்டேன். மாந்தோப்பில் குனிந்து நிமிர்கிறவர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவர், தொடை பெருத்தவர், இவர்களுக்கு 1 அல்லது 2 சதவீதம் எலாஸ்டேன் உள்ள கனமான துணி உதவும். கவட்டைத் தையல் மேல் விழும் இழுவையை அது வாங்கிக்கொள்ளும். இறுக்கமான கெட்டி ஜீன்ஸில் கவட்டைத் தையல் பிரிந்து என்னிடம் வந்தவை ஏராளம். மழைக்காலத்தில் கெட்டி ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகும் என்பதும் உண்மை.

தம்பி ஸ்ட்ரெயிட் கட் மாற்றி எடுத்துவந்தார். இரண்டு முறை துவைத்துக் கொண்டுவந்தபின் முக்கால் அங்குலம் சுருங்கியிருந்தது, அதற்கு அப்புறம்தான் வெட்டினேன். முட்டி போன ஸ்ட்ரெச் பேன்ட்டை முட்டிக்கு மேலே வெட்டி ஷார்ட்ஸாக மடித்துக் கொடுத்தேன், இடுப்பில் அதன் இழுவை இன்னும் நன்றாகவே இருக்கிறது.