ஹிஸ்டோகிராமா, கெர்னல் வளைகோடா? பஸ் நேரத்தை வைத்து ஓர் ஒப்பீடு

காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100, 101 இலக்க பஸ்களில் வரும் எங்கள் அலுவலகத்து ஆட்கள் பயண நேரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். அதைப் படமாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஹிஸ்டோகிராமை விட்டுவிட்டு கெர்னல் அடர்த்தி வளைகோட்டை எடுத்தேன். இப்போதும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

ஹிஸ்டோகிராமின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூணின் உயரத்தைப் பார்த்தால் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம், யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வகுப்பின் அகலத்தை மாற்றினால் படம் மாறும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அகலத்தை அப்படியே வைத்து, முதல் வகுப்பு தொடங்கும் இடத்தை மட்டும் நகர்த்தினாலும் படம் மாறிவிடும். பலர் கவனிக்காதது இதைத்தான்.

எங்கள் தரவின் வடிவத்தைக் கொஞ்சம் எளிமையாக்கிச் சொல்கிறேன். 100 பயணங்கள். பாதி 30 நிமிடத்தைச் சுற்றி, பாதி 42 நிமிடத்தைச் சுற்றி. இரண்டு பாதியிலும் நியம விலகல் 4 நிமிடம். வகுப்பின் அகலம் 6 நிமிடம். வகுப்புகளை 21இலிருந்து தொடங்கினால் தூண்கள் ஏறத்தாழ 11, 28, 21, 28, 11 என்று வரும். இரண்டு மேடுகள் தெளிவாகத் தெரியும். 18இலிருந்து தொடங்கினால் 3, 22, 25, 25, 22, 3. ஒரே மேடு! தரவும் அகலமும் அதேதான், தொடக்கம் மட்டும்தான் மூன்று நிமிடம் தள்ளிப்போனது.

கெர்னல் முறையில் இந்தத் தொடக்கப் புள்ளி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பயண நேரத்தின் மேலும் மணி வடிவில் ஒரு சின்ன மேட்டை வைத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வளைகோடு வந்துவிடும். அந்தச் சின்ன மேடு எவ்வளவு அகலம் என்பதுதான் பாண்ட்வித். தலைவலி எல்லாம் இந்த ஒரு எண்ணில்தான்.

R மென்பொருளின் `density()` தானாக எடுக்கும் பாண்ட்வித், முழுத் தரவின் பரவலிலிருந்து கணக்கிடப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் முழுத் தரவின் நியம விலகல் 7.2. அதை 0.9ஆலும், 100இன் ஐந்தாம் மூலத்தின் தலைகீழான 0.398ஆலும் பெருக்கினால் சுமார் 2.6 நிமிடம் வரும். இந்த விதி தரவு ஒற்றை மணி வடிவில் இருக்கும் என்று நினைத்து ஆக்கப்பட்டது. இரண்டு மேடுகளுக்கு இடையிலான தூரமே நியம விலகலை ஊதிவிடுவதால், பாண்ட்வித்தும் தேவைக்கு மேல் பெரிதாகிறது. உண்மையில் நடுப் பள்ளம் உச்சியைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் தாழ்வு. 2.6இல் வரைந்தால் எட்டிலொரு பங்குதான் தாழ்வாகத் தெரியும். 4.5ஐத் தாண்டினால் பள்ளமே இல்லை, 36 நிமிடத்தில் அழகான ஒற்றை மேடு. அந்த 36 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தவர்களோ 30இலோ 42இலோ சேர்ந்தவர்களைவிடக் குறைவு.

எனவே ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை:

```r
plot(density(x, bw = "SJ"))
lines(density(x, adjust = 2), lty = 2)
lines(density(x, adjust = 0.25), lty = 3)
```

`SJ` என்பது ஷீதர், ஜோன்ஸ் இருவரும் 1991இல் தந்த முறை. தரவின் வடிவத்தையும் பார்த்து பாண்ட்வித்தைத் தேர்வதால், இரண்டு மேடுள்ள தரவில் வழக்கமாகச் சிறிய எண்ணையே தரும். `adjust = 2` தானாக எடுக்கும் பாண்ட்வித்தை இரட்டிப்பாக்கி, இரண்டு மேடுகளையும் ஒன்றாக்கிவிடும். `adjust = 0.25` போட்டால் ஏகப்பட்ட ஊசி முனைகள். எங்கள் தரவில் அவை 30, 35, 40 என்று சரியாக ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக நின்றன. அது வீதியின் குணமல்ல, கடிகாரத்தைப் பார்த்து ஐந்தின் மடங்காக எழுதுகிற நம் ஆட்களின் குணம். மேடு நிஜமா என்று அறிய, தரவையே பிரித்துப் பார்க்க வேண்டும். பாடசாலை விடுமுறை நாட்களைத் தனியாக வரைந்தபோது 30ஐச் சுற்றிய மேடு முழுக்க அங்கே போய் உட்கார்ந்தது.

தரிப்பிடத்தில் காத்திருந்த நேரத்துக்கு மட்டும் ஹிஸ்டோகிராமே போட்டேன். அதில் பல பதிவுகள் பூச்சியத்தை ஒட்டியவை. வளைகோடு பூச்சியத்துக்கு இடப்பக்கமும் வழிந்து, பஸ் வருமுன்னே ஏறிவிட்டது போல ஒரு வாலைக் காட்டும். `from = 0` என்று கொடுத்தால் வால் வெட்டுப்படும், அவ்வளவுதான். பூச்சியத்தருகே வளைகோடு செயற்கையாகத் தாழ்ந்து கிடப்பது அப்படியே இருக்கும். தரவைப் பூச்சியத்தில் மறுபக்கம் பிரதிபலித்துக் கூட்டிக்கொள்ளும் திருத்தம் ஒன்று உண்டு. அதை ஒரு சின்னத் தரவில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் நம்பி எடுக்கலாம் என்று சொல்லத் துணிவில்லை. பத்து இருபது பதிவுகள் மட்டும் இருந்தால் நான் இரண்டையும் போடுவதில்லை, புள்ளிகளையே ஒரு கோட்டில் குத்திக் காட்டுவேன்.