வெளிநாட்டுப் பண அட்டை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு முற்கொடுப்பனவு அட்டை வசதியான சாமான்தான். ஆனால் உள்ளே காசு இருந்தும் அது வேலை செய்யாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். கவுண்டரில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், “டிக்ளைன்ட்” என்று.

முதலாவது, பணம் வேறு பையில் இருப்பது. பல நாணய அட்டைக்குள் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனிப்பை உண்டு. 500 அமெரிக்க டொலர் போட்டிருந்தாலும் சிங்கப்பூர் டொலர்ப் பையில் பூச்சியம் என்றால், சில அட்டைகள் தாமாகவே மாற்றிக் கழித்துக் கட்டணமும் எடுக்கும்; சில நேரே மறுத்துவிடும். உங்கள் அட்டை எந்த ரகம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் பில் 180 சிங்கப்பூர் டொலர், முற்பணமாகப் பிடித்துவைப்பது இன்னொரு 100 என்று வைப்போம். பையில் 280 இருந்தால்தான் அறை. பில்லுக்கு மட்டும் கணக்குப் பார்த்து 200 மாற்றினவருக்கு அங்கேயே இடறும். ஒரு அமெரிக்க டொலருக்கு 1.28 கிடைத்தால் 240 டொலர் மாற்ற 307 வரும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். பிடித்த 100 திரும்பிவரச் சில நாட்கள் ஆகலாம், அதை நம்பிச் செலவு போடக்கூடாது.

இந்த மாற்றலைச் செயலியில் செய்யும்போது பல வங்கிகள் ஓடிபி கேட்கும். அது இலங்கை நம்பருக்குத்தான் வரும். சாங்கி விமான நிலையத்தில் அந்த ஊர்ச் சிம்மை மாற்றிப் போட்டவருக்கு அது வந்து சேராது. ஆகவே இரவு பஸ் ஏற முன்னர் வீட்டிலேயே மாற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் ரோமிங் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பின் நம்பர். இதில்தான் ஏமாற்றம் அதிகம். கடையில் சிறிய தொகைக்கு அட்டையைத் தட்டினால் பின் கேட்காமலே போய்விடும், எல்லாம் சரி என்று தோன்றும். ஏடிஎம்மில்தான் குட்டு வெளிப்படும். உறையில் வந்த பின்னைத் திறக்காதவர்களும், செயலியில் பின் அமைக்க மறந்தவர்களும் ஊகித்து அடிப்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் பிழையோடு பின் பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஊர்க் கிளை திறக்கும்போது சிங்கப்பூரில் 11.30 ஆகியிருக்கும். வெள்ளி இரவு பூட்டினால் வார இறுதி முழுக்க வங்கியின் அவசர இலக்கம்தான் கதி. அதைத் தாளில் எழுதி வைத்திருங்கள்.

எது காரணம் என்று அறிய, பற்றுச்சீட்டில் பதில் எண் அச்சாகியிருந்தால் பாருங்கள். 51 என்றால் பணம் போதாது, அதாவது அநேகமாகப் பை காலி. 55 என்றால் பின் பிழை. 75 என்றால் முயற்சிகள் முடிந்துவிட்டன. அதற்கு மேல் அடிப்பதில் பயனில்லை.

இயந்திரம் “இலங்கை ரூபாயிலா, சிங்கப்பூர் டொலரிலா” என்று கேட்டால் சிங்கப்பூர் டொலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அட்டையில் அந்தப் பை இல்லாததால் மறுக்கப்படலாம், அல்லது இரண்டு தடவை மாற்றல் நடந்து காசு கரையும்.