பாசிச் செதிலா, அசோலாவா, வயலில் இருக்கும் பாசியே போதுமா?

நெல் வயலுக்குத் தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பெற்றுத் தர முடியும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைக் கையில் கொடுக்கிறார்கள். ஒன்று, மண்ணோடு சேர்த்துக் காய வைத்த நீலப்பச்சைப் பாசிச் செதில். மற்றொன்று, நீரில் மிதக்கும் அசோலா. பார்வைக்கு இரண்டும் வேறானாலும் உள்ளே வேலை செய்வது நீலப்பச்சைப் பாசிதான். அசோலா ஒரு சிறு பெரணி. அதன் இலைக்குழிக்குள் குடியிருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியே தழைச்சத்தாகிய நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்கிறது. ஆகவே போட்டி, வெட்டவெளியில் வாழும் பாசிக்கும் வீடு கட்டிக்கொண்ட பாசிக்கும் இடையில்தான். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எதையும் வாங்காமல், வயலில் ஏற்கெனவே இருக்கும் பாசியைப் பேணுவதுதான் அது. விற்பதற்குப் பொருள் இல்லாததால் அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

மூன்றையும் மதுரைச் சுற்றுப்புறத்து இரண்டு வயல்களில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது, பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடைப்பட்ட இருபோகப் பாசனத்தில், சோழவந்தான் பக்கம், நடவுக்குப் பின் நீர் பெரும்பாலும் தொடர்ந்து நிற்கும் ஓர் ஏக்கர். இரண்டாவது, மேலூர்ப் பக்கத்துக் கடைமடையில், முறைத் தண்ணீரை நம்பி, சில நாள் நிறைந்தும் சில நாள் வெடித்தும் கிடக்கும் ஓர் ஏக்கர்.

வரவைக் கணக்கிடுவோம். பாசிச் செதில் ஏக்கருக்கு 4 கிலோ. நடவு செய்த 10 நாள் கழித்து, மெல்லிய நீர் நிற்கும்போது தூவ வேண்டும். அது நன்றாகப் பரவினால் ஒரு போகத்தில் 8 முதல் 12 கிலோ தழைச்சத்து சேரும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து இருப்பதால், இது அரை மூட்டைக்குச் சமம். அசோலாவுக்கு ஏக்கருக்கு 100 கிலோ பச்சை விதை தேவை; அதை எடுக்க இரண்டரை சென்ட் நாற்றங்காலில் முன்கூட்டியே பாய் விரித்தாற்போல் வளர்த்திருக்க வேண்டும். நடவுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் வயலை மூடும். அப்போது ஏக்கருக்கு 5 டன் பச்சை எடை என்று கொண்டால், அதில் பெரும்பகுதி நீர் என்பதால் உலர்ந்த எடை 300 கிலோ அளவுதான். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு தழைச்சத்து என்றால் 12 கிலோ. மிதித்து மண்ணில் அமுக்கினால்தான் இது பயிருக்கு வரும்.

ஆக, நல்ல சூழலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தருகின்றன. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படும் நடுத்தர வயது நெல்லுக்கு இது ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு. மேலும் இதில் பாதிக்கும் குறைவாகவே அந்தப் பயிருக்கு உடனே கிடைக்கிறது. பாசி உயிரோடிருக்கும்வரை தழைச்சத்தைத் தன் உடலில் பூட்டி வைத்திருக்கிறது. மடிந்து மக்கிய பிறகே மண்ணுக்கு விடுகிறது. மீதி அடுத்த போகத்துக்கான இருப்பு. யூரியாவை அடியோடு விடலாம் என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுவது நல்லது.

கரிமப் பொருளில் அசோலா எடையால் முந்துகிறது. ஆனால் 300 கிலோ உலர் எடை என்பது, அறுவடைக்குப் பின் அதே நிலத்தில் நிற்கும் தாளையும் வேரையும் பார்க்கக் குறைவுதான். இரண்டின் சிறப்பும் எடையில் இல்லை. தாள் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாக விழுங்கிக்கொள்ளும், பாசியும் அசோலாவும் தழைச்சத்து மிகுந்தவை என்பதால் விரைவில் மக்கி அதை வெளிவிடும். இதற்கு மேல் பாசிக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. அதன் இழைகளைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை மண் துகள்களை ஒட்டிச் சிறு கட்டிகளாக்குகிறது.

இரண்டு வயல்களும் பிரிவது நீரில்தான். அசோலாவுக்கு நிற்கும் நீரே உயிர். மேலூர் வயலில் முறை தவறி வயல் வெடித்தால் அது சேற்றில் ஒட்டிக் காய்ந்துவிடும். மறுபடி தண்ணீர் வரும்போது விதைக்குத் திரும்ப நாற்றங்காலுக்குத்தான் போக வேண்டும். 35 டிகிரியைத் தாண்டிய வெயிலும், மணிச்சத்துக் குறைவும் அதைச் செம்மை படரச் செய்து வளர்ச்சியை நிறுத்தும். பாசியோ நீர் வற்றும்போது தடித்த சுவர் கொண்ட ஓய்வுச் செல்களாக மண்ணில் படுத்திருந்து, ஈரம் கண்டதும் எழும். செதிலைக் காய வைத்து மாதக்கணக்கில் மூட்டையில் வைக்க முடிவதும் இதனால்தான். எனவே மேலூர்க் கடைமடைக்கு அசோலா என்பது என் பார்வையில் வீண் உழைப்பு. சோழவந்தான் வயலில் நாற்றங்காலுக்கு இடமும், மிதிக்க ஆளோ, சேற்றில் தள்ளி ஓட்டும் கோனோவீடர் கருவியோ இருந்தால் அசோலா பொருந்தும்.

செதிலுக்கும் வயலின் சொந்தப் பாசிக்கும் இடையிலான ஒப்பீடுதான் சற்று நுட்பமானது. 1939-இல் பி.கே. டே என்ற ஆய்வாளர், எரு இல்லாமலே நெல் மண்ணில் தழைச்சத்து குறையாமல் நிற்பதற்கு நீலப்பச்சைப் பாசியே காரணம் என்று காட்டினார். அது எவரும் தூவாத பாசி. பெரும்பாலான நெல் மண்ணில் இப்பாசிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 4 கிலோ செதிலில் வந்த இனங்கள் அவற்றோடு போட்டியிட்டு நிலைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. மதுரைச் சுற்றுப்புறத்து நடுநிலை, சற்றே காரத்தன்மை கொண்ட மண் இவற்றுக்கு ஏற்றதே. எனவே பாசி எழவில்லை என்றால் விதை இல்லை என்று எண்ணுவதற்கு முன் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவதும் பெரியதும் யூரியா. நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும் என்பதால், அனபீனா, நாஸ்டாக் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் அந்த வேலைக்கென்றே ஆக்சிஜனை உள்ளே விடாத, சுவர் தடித்த தனிச் செல்களை இழையில் இடையிடையே உருவாக்குகின்றன. நீரில் அம்மோனியா இருந்தால் அச்செல்களை உருவாக்குவதையே அவை நிறுத்திவிடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும்போது உழைப்பானேன்? நட்ட சில நாளில் யூரியாவை நிற்கும் நீரில் வீசினால், தழைச்சத்தைப் பிடிக்க முடியாத வெறும் பச்சைப் பாசி பொங்கும். அது பகலில் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச, நண்பகலில் நீரின் கார அமில நிலை 9-க்கு மேலும் ஏறும். வீசிய யூரியாவிலிருந்து வந்த அம்மோனியா ஆவியாகிப் போய்விடும். அதாவது வயல் பசுமையாகத் தெரியும்போதே உரம் காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. புல்லின் பச்சையில் நூல் நூலாகக் கிளம்பி, கரையில் எடுத்துப் போட்டால் வெளுத்துக் காய்வது பச்சைப் பாசி. கருநீலமாய் வழவழத்து, காய்ந்ததும் மண்ணோடு சேர்ந்து கறுத்த தோலாகச் சுருண்டு உரிவது நமக்கு வேண்டியது.

இரண்டாவது காரணம் மணிச்சத்து. சூப்பர் பாஸ்பேட்டைக் கடைசி உழவில் முழுதாக அமுக்காமல், ஒரு பங்கை நட்ட பின் நீரில் இட்டால் பாசிக்கு எட்டும். மூன்றாவது மேய்ச்சல்: நத்தையும், நீரில் துள்ளும் சிறு ஓட்டுடலிகளும், கொசுப்புழுவும் இளம் பாசியை ஒரே வாரத்தில் தின்று தீர்க்கும். வேப்பம்புண்ணாக்கு இவற்றை மட்டுப்படுத்தும்.

எனவே மேலூர் வயலுக்கு நான் சொல்வது: முதல் தவணை யூரியாவை நீர் வடிந்த சேற்றில் கையால் அமுக்கி இட வேண்டும் அல்லது தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் இட வேண்டும், நட்ட 10 முதல் 40 நாள்வரை, நெல் இலை மூடி நிழல் விழுமுன், பாசிக்கு வெயிலை விட வேண்டும். முறை முடிந்து வயல் காயும்போது கறுத்த தோல் உரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். உரிந்தால் செதில் வாங்க வேண்டியதில்லை. அதிலேயே இரண்டு கூடை சுரண்டி நிழலில் உலர்த்தி, உரியாத பக்கத்து வயலில் தூவிக்கொள்ளலாம்.