கிருஷ்ணகிரியிலிருந்து வேலை தேடுபவருக்கு எந்தத் தளம்: இண்டீடா, நௌக்ரியா?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்தேன். காவேரிப்பட்டினத்தில் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில் வேறு வேலை தேடியபோது மடிக்கணினி கையில் இல்லை. எல்லாவற்றையும் கைபேசியிலேயே செய்தேன். இண்டீட், நௌக்ரி, தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளம் ஆகிய மூன்றிலும் ரெஸ்யூமே ஏற்றி, வேலை அறிவிப்பு வரும்படி வைத்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இண்டீடை வைத்துக்கொள்வேன். அதற்கான காரணம் நம் மாவட்டம் வரைபடத்தில் இருக்கும் இடம்.

பொதுவான சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். பதிவு செய்யவும் விண்ணப்பிக்கவும் எந்தத் தளமும் காசு கேட்பதில்லை. இண்டீட், நௌக்ரி இரண்டிலும் பிடிஎஃப், வேர்ட் இரண்டு வடிவங்களும் ஏறும். நௌக்ரியில் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். படம் எதுவும் ஒட்டாத ரெஸ்யூமே அந்த அளவில் சிறு பங்குகூட வராது.

தளம் எதுவானாலும் ஏற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த தாளைக் கைபேசியால் படம் பிடித்து, ஸ்கேன் செயலியில் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுபவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். கண்ணுக்கு அது ரெஸ்யூமே. தளத்துக்கோ வெறும் புகைப்படம். பிடிஎஃப்பைத் திறந்து உங்கள் பெயரின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்துகள் நீல நிறத்தில் தேர்வானால் அது எழுத்துக் கோப்பு. பக்கம் அசையாமல் நின்றால் படம் என்று அறியலாம். படமாக இருந்தால் அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கூகுள் டாக்ஸ் செயலியில் புதிதாகத் தட்டச்சு செய்து, மூன்று புள்ளி மெனுவில் Share & export, பிறகு Save as, அதில் PDF என்று எடுத்துவிடலாம். கட்டம் போட்ட அட்டவணை, பக்கத்தை இரண்டாகப் பிரித்த அமைப்பு ஆகியவற்றையும் தவிருங்கள். தளம் வரிகளை மாற்றிப் படித்து, கல்லூரிப் பெயரை வேலை செய்த நிறுவனமாகக் காட்டக்கூடும். அதனால் ஏற்றிய பிறகு சுயவிவரப் பக்கத்தைக் கீழ்வரை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இனி தூரத்துக்கு வருகிறேன். நௌக்ரியில் விருப்பமான இடங்களை ஊர்ப் பெயராகத் தேர்ந்தெடுக்கிறோம்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பெங்களூரு என்று. எந்த ஊருக்கும் குடிபெயரத் தயாராக இருப்பவருக்கு இது போதும். வீட்டிலிருந்து போய்வர நினைப்பவருக்கு ஊர்ப் பெயர் போதாது. சூளகிரியில் இருக்கும் தொழிற்சாலை விளம்பரத்தில் ஓசூர் என்று போடலாம், கிருஷ்ணகிரி என்றும் போடலாம். போச்சம்பள்ளி சிப்காட்டும் குருபரப்பள்ளியும் பர்கூரும் அப்படித்தான். அத்தனை பெயரையும் நாமாக யோசித்துச் சேர்க்க வேண்டும்.

இண்டீடில் ஊரைக் கொடுத்த பிறகு Distance என்ற வடிகட்டி இருக்கிறது. கொடுத்த ஊரை மையமாக வைத்து 5, 10, 15, 25, 35, 50, 100 கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுக்கொள்ளலாம். இந்த வட்டம் வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்கப்படுவது, சாலைத் தூரம் அல்ல. இது தெரியாமல் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று வேலை விளம்பரமே வராது, அல்லது பெங்களூரு முழுவதும் வந்து கொட்டும்.

கிருஷ்ணகிரியை மையமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிலோமீட்டர் வட்டத்தில் பர்கூரும் குருபரப்பள்ளியும் வரும். சூளகிரியும் போச்சம்பள்ளியும் ஏறத்தாழ 27 கிலோமீட்டரில் இருப்பதால் நூலிழையில் வெளியே போய்விடும். தொழிற்சாலைகள் மிகுந்த இரண்டு இடங்கள் இப்படி விடுபடுகின்றன. 35 என்று வைத்தால் இரண்டும் உள்ளே வந்துவிடும். கூடவே ஆந்திரத்தின் குப்பமும் வரும். 50 என்று வைத்தால் திருப்பத்தூரும் தருமபுரியும் சேரும். ஓசூர் ஏறத்தாழ 48 கிலோமீட்டரில் வட்டத்தின் விளிம்பில் நிற்கும். ஊருக்கு அப்பால் பெங்களூரு பக்கமாக உள்ள நிறுவனம் சரியான முகவரியோடு விளம்பரம் தந்திருந்தால் அது தப்பிப்போகலாம். ஓசூரை உறுதியாகப் பிடிக்கலாம் என்று 100க்குப் போனால் எலெக்ட்ரானிக் சிட்டி தொடங்கி பெங்களூரு நகரின் மையம் வரை உள்ளே வரும். நமக்கு வேண்டிய விளம்பரத்தை அந்தக் குவியலில் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரே பெரிய வட்டத்தை விட்டுவிட்டு இரண்டு சிறிய வட்டங்களாக அறிவிப்பு வைத்தேன். ஒன்று கிருஷ்ணகிரி, 35 கிலோமீட்டர். மற்றொன்று ஓசூர், 10 கிலோமீட்டர். ஓசூருக்கு 25 வைத்தால் எலெக்ட்ரானிக் சிட்டி உள்ளே வந்துவிடுகிறது. 10 வைத்தால் ஓசூர் சிப்காட்டும், மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியும் கிடைக்கின்றன. அதற்கு மேல் தினமும் போய்வர என்னால் ஆகாது. தருமபுரிக்காரர்கள் தங்கள் ஊரை மையமாக வைத்து 35 கொடுத்தால் பாலக்கோடு, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி ஆகியவை அடங்கும். சேலம் 50 கிலோமீட்டருக்குச் சற்று வெளியே இருக்கிறது. அது வேண்டும் என்றால் அதற்கென்று தனி அறிவிப்பு வைப்பதே நல்லது.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே விழும் பட்டியலிலிருந்து தமிழ்நாடு என்று சேர்ந்திருப்பதையே தொடுங்கள். ஓசூர் என்று கர்நாடகத்திலும் ஊர்கள் உண்டு. வடிகட்டியில் தூரத்தை மாற்றிய பிறகுதான் அறிவிப்பை இயக்க வேண்டும். அந்த நேரத்தில் திரையில் இருக்கும் தேடல்தான் அறிவிப்பாகப் பதிவாகிறது.

தேடும் சொல்லிலும் பெங்களூருவின் நிழல் விழுகிறது. தரம் என்ற பொருளில் `quality` என்று மட்டும் கொடுத்தால் மென்பொருள் சோதனை வேலைகளும் அழைப்பு மையத் தர வேலைகளும் கலந்து வரும். நான் கொடுத்த தேடல் இதுதான்:

```
"quality inspector" -software
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்களும் அதே வரிசையில் விளம்பரத்தில் இருக்க வேண்டும். கழித்தல் குறி ஒட்டிய சொல் இருந்தால் அந்த விளம்பரம் விலக்கப்படும். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. இதே வேலைக்கு `quality engineer` என்று போடும் நிறுவனங்களும் உண்டு என்பதால் அதற்கும் ஓர் அறிவிப்பு வைத்தேன். தொழிற்சாலை விளம்பரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால் தேடும் சொல்லும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

அறிவிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதே தேடலை நீங்களே செயலியில் செய்து, தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். புதிதாக விளம்பரங்கள் இருந்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால் ஜிமெயிலில் Promotions பகுதியைத் திறந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கே அடைபட்டுக் கிடக்கும். அந்த மின்னஞ்சலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Move to தொட்டு Primary பகுதிக்கு மாற்றிவிடலாம். கைபேசித் திரையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பு வராமல் இருந்தால் பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கைபேசியே செயலியைத் தூங்கவைத்திருக்கலாம். அமைப்புகளில் அந்தச் செயலிக்கான பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

நௌக்ரியை நான் அழித்துவிடவில்லை, அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 1997 முதல் நடந்துவரும் தளம் அது. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவினரும் ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிகளும் விளம்பரம் போடாமலேயே அங்குள்ள ரெஸ்யூமேக்களுக்குள் நேரடியாகத் தேடுவார்கள். சமீபத்தில் யார் தளத்துக்கு வந்து போயிருக்கிறார்கள் என்று பார்த்து வடிகட்டும் வசதியும் அவர்களுக்கு இருக்கிறது. ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவரின் ரெஸ்யூமே அந்த வடிகட்டியில் நின்றுவிடும். ஆகவே நௌக்ரியை வைத்திருப்பவர் அடிக்கடி உள்நுழைந்து, ஏதாவது ஒரு வரியையாவது புதுப்பிக்க வேண்டும்; நோட்டீஸ் காலத்தையும் சரியாக எழுதிவைக்க வேண்டும். எட்டு, பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு இந்த உழைப்பு வீண்போகாது, அவரைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள். என்னைப் போல மூன்று, நான்கு வருட அனுபவக்காரருக்கு, தேடி வருவார்கள் என்று காத்திருப்பதைவிட விளம்பரம் வந்த அன்றே விண்ணப்பிப்பதுதான் கூடுதலாக உதவும் என்பது என் கணிப்பு. அதனால்தான் அறிவிப்பு எவ்வளவு துல்லியமாக வருகிறது என்பதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அரசின் tnprivatejobs.tn.gov.in தளத்தில் என் பழக்கம் குறைவு. ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். 2020இல் தொடங்கப்பட்ட இது தனியார் நிறுவன வேலைகளுக்கு மட்டுமானது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோமே, அந்தப் பதிவு வேறு, இது வேறு. அங்கே பதிவு இருக்கிறது என்பதால் இங்கே ரெஸ்யூமே தானாக வந்துவிடாது. ஐடிஐ முடித்தவர்களும் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவர்களும் இதிலும் பதிவு செய்துவைக்கலாம்.

ரெஸ்யூமேயை ஏற்றிய சில நாட்களில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஓசூரில் பெரிய தொழிற்சாலையில் இடம் உறுதி, சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முன்பணம் அனுப்புங்கள் என்றார் பேசியவர். நேர்காணலே நடத்தாமல் பணம் கேட்டால் அது வேலை அல்ல. நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். ரெஸ்யூமேயில் ஆதார் எண், பிறந்த தேதி, கதவு எண்ணோடு கூடிய முகவரி எதுவும் வேண்டாம். ஊர்ப் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் போதும். இண்டீடில் நிறுவனங்கள் நம் ரெஸ்யூமேயைத் தேடிக் காண முடியுமா, முடியாதா என்பதை நாமே சுயவிவரத்தில் தீர்மானிக்கலாம். மறைத்துவைத்தாலும் நாம் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு அது போய்ச் சேரும், அறிவிப்புகளும் வழக்கம்போல் வரும். இப்போது வேலையில் இருந்துகொண்டே வேறிடம் தேடுபவர்கள், தங்கள் மேலாளர் கண்ணில் படக் கூடாது என்றால், ரெஸ்யூமேயை ஏற்றிய கையோடு இந்த அமைப்பை மாற்றிவிட வேண்டும்.