பூனைக்கு மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு: வீட்டில் எதுவரை, டாக்டரிடம் எப்போது

எங்கள் வீட்டு ஆண் பூனை சுப்புவுக்கு 12 வயது. சில வருடங்களாக மலச்சிக்கல் அவனோடு குடித்தனம் நடத்துகிறது. பரங்கிக்காய், இசப்கோல், லாக்டுலோஸ் என்கிற மலமிளக்கி சிரப், கிரேவி உணவு என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவனுக்கு நேர்மாறாக, பின்னால் வந்த குட்டி மீனாவுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில், லிட்டர் ட்ரேயில் உட்கார்ந்து முக்குகிற பூனைக்கு மலச்சிக்கல்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஆண் பூனையானால் சிறுநீர் போகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும் பூனை இதே மாதிரிதான் உட்கார்ந்து முக்கும். திரும்பத் திரும்ப ட்ரேக்குப் போகும், கத்தும், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ட்ரேயைச் சுத்தம் செய்து புது மணல் போட்டு, அடுத்த முறை போய்வந்ததும் பாருங்கள். ஈரக் கட்டி எதுவும் இல்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறது என்றால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் உடனே கிளம்ப வேண்டிய விஷயம். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். பரங்கிக்காய் வேக வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

சிறுநீர் நன்றாகப் போகிறது, மலம் மட்டும்தான் வரவில்லை என்று உறுதியானால் கொஞ்சம் மூச்சு விடலாம். பெரும்பாலான பூனைகள் தினம் ஒரு முறையாவது போகும். சுப்புவுக்கு மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி சிறுசிறு உருண்டையாக, மணல்கூட ஒட்டாத அளவுக்குக் காய்ந்து வர ஆரம்பித்தால் அதுதான் முன்னறிவிப்பு. அப்போதே கவனித்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகிவிடுகிறது. பூனை சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது, வாந்தி இல்லை என்றால் ஒரு நாள் பார்க்கலாம். மலம் போய் 48 மணி நேரம் தாண்டிவிட்டால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் எங்களுக்கு அதிகம் பலன் தந்தது தண்ணீர்தான். கிபிள் என்கிற உலர் உணவை மட்டும் தின்கிற பூனை தானாகப் போய் வேண்டிய அளவு தண்ணீர் குடிக்காது. சுப்புவுக்குக் காலையும் இரவும் கிரேவி பாக்கெட்டில் இரண்டு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கூழாகத்தான் கொடுக்கிறோம். உப்பும் மசாலாவும் போடாமல் கோழி வேக வைத்த தண்ணீரையும் நக்கிக் குடிப்பான். வெங்காயம், பூண்டு பட்ட குழம்புத் தண்ணீர் கூடாது, இரண்டுமே பூனையின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்.

வேக வைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன், உணவோடு. லேசான சிக்கலுக்கு உதவும், ஆனால் இணையத்தில் கொண்டாடுகிற அளவுக்கு அது மாயம் செய்வதை நான் பார்க்கவில்லை. இசப்கோல் கால் டீஸ்பூன், அதுவும் நன்றாக ஊற வைத்து, தண்ணீர் அதிகமுள்ள உணவில்தான். நார்ச்சத்து வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். உடம்பு வறண்டிருக்கும் பூனைக்கும், பெருங்குடல் விரிந்து தளர்ந்துபோன பூனைக்கும் நார் போடப் போட உள்ளே அடைசல்தான் கூடும்.

சுப்புவுக்கு அப்படி ஒரு கோடையில்தான் நிலைமை மோசமானது. மலம் வரவில்லை, கிரேவியை முகர்ந்துவிட்டு நகர்ந்தான், அப்புறம் மஞ்சளாக வாந்தி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்ததும், ‘உள்ளே கட்டி கட்டியா நிக்குது’ என்றார். முதலில் டிரிப் ஏற்றி நீர்ச்சத்தைச் சரிசெய்து, மயக்கம் கொடுத்து, வெதுவெதுப்பான நீரால் எனிமா வைத்து எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருப்பது தெரிந்தது. சிறுநீர் அதிகமாகப் போய் உடம்பு வறள, குடல் மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வயதான பூனைக்கு அடிக்கடி மலச்சிக்கல் வந்தால் ரத்தம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அன்றிலிருந்து லாக்டுலோஸ் சிரப். சுப்பு நாலு கிலோ. டாக்டர் எழுதியது காலையும் மாலையும் 2 மில்லி. இனிப்பும் பிசுபிசுப்பும் அவனுக்கு ஆகாது. ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். மலம் தளர்ந்து கூழாகப் போனால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கிறோம். எவ்வளவு என்பதை உங்கள் பூனையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தொடவே கூடாதவையும் உண்டு. விளக்கெண்ணெயோ லிக்விட் பாரஃபினோ வாயில் ஊற்றக் கூடாது. பாரஃபினுக்குச் சுவை இல்லாததால் பூனைக்குப் புரையேறி, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா பூனைக்கு விஷம், ரத்தத்தில் உப்புச் சமநிலை குலைந்து செத்தே போகும். கைக்குழந்தைக்குச் செய்வது போல வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் பழக்கத்தையும் பூனையிடம் காட்ட வேண்டாம். பின்னால் நூலோ பூச்சரத்து நாரோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலுக்குள் மாட்டியிருந்தால் இழுப்பில் குடல் அறுபடும். அப்படியே விட்டு டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

இன்னொரு குழப்பம். கட்டிப்போன மலத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் மட்டும் கசிந்து வரும். பார்த்தவர்கள் பேதி என்று நினைப்பார்கள். முந்தைய நாட்களில் ட்ரேயில் திடமான மலம் எதுவும் இல்லாமல், இப்போது முக்கி முக்கிச் சொட்டுகிறது என்றால் அது சிக்கலாகவும் இருக்கலாம்.

நிஜ வயிற்றுப்போக்கு மீனாவுக்கு வந்தது, உணவை ஒரே நாளில் மாற்றியபோது. பூனை துள்ளிக்கொண்டிருந்தது, சாப்பிட்டது, தடுப்பூசியும் போட்டிருந்தது, அதனால் வீட்டிலேயே பார்த்தோம். பாலை நிறுத்தி, உப்பில்லாமல் வேக வைத்த கோழி நெஞ்சுக்கறியைச் சின்னச் சின்னப் பங்காக நாலைந்து வேளை கொடுத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்தோம். மலம் இறுகியதும் பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். வெறும் கோழிக்கறியில் கால்சியம் போதாது, அதனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதை இழுக்கக் கூடாது. வயிறு சரியாகட்டும் என்று பட்டினி போடவும் கூடாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து வேறு நோய் ஆகிவிடும்.

நமக்கு வாங்கி வைத்த பேதி மாத்திரை, வலி மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும்.

பேதி ஒன்றிரண்டு நாளைத் தாண்டினாலோ, ரத்தமோ தார் போன்ற கறுப்போ தெரிந்தாலோ, வாந்தி சேர்ந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். ஈறு ஒட்டும்படி காய்ந்திருப்பதும், பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்பதும் உடம்பு வறண்டதற்கான அடையாளம். குட்டிக்கு இந்த அவகாசமும் கிடையாது. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பேதியும் வாந்தியும் சேர்ந்து வந்து சோர்ந்து படுத்தால் பான்லுகோபீனியா என்கிற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே போய்விட வேண்டும்.

போகும்போது அன்றைக்குப் போன மலத்தில் கொஞ்சம் மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். மீனாவுக்குப் பிறகு ஒருமுறை வந்த பேதிக்கு ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணிதான் காரணம் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ட்ரேயில் முக்குவதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டுவதும் நல்லது. கிளினிக் மேஜையில் எந்தப் பூனையும் அதைச் செய்து காட்டாது.